ஏவல் வினையும் வினாவின் நிலையும்: புலம்பெயர் தமிழ்ப் பள்ளி வினா வங்கிகளில் புளூமின் படிநிலைகள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வெளியே நடைபெறும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் தேர்வு வினாக்களைப் பெரும்பாலும் ஆசிரியர்களே எழுதுகின்றனர். ஆண்டுதோறும் எழுதப்பெறும் வினாக்களைத் திரட்டி வைத்தால் சில ஆண்டுகளில் ஒரு வினா வங்கி உருவாகிவிடுகிறது. அண்மைக்காலத்தில் அத்தகைய வங்கிகள் சிலவற்றில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே ‘நிலை’ என்னும் ஒரு நிரல் சேர்க்கப்பெற்று, அதில் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல் எனப் புளூமின் படிநிலைப் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. அப்பெயர்களுக்கு அருகிலேயே எளிது, நடுத்தரம், கடினம் என்னும் குறிப்புகளும் இடம்பெறுகின்றன. நினைவுகூர்தல் என்றால் எளிது, பயன்படுத்துதல் என்றால் கடினம் என்னும் சமன்பாடு ஆராயப்படாமலேயே ஏற்கப்பட்டுள்ளது.

இந்நிரல் நிரப்பப்பெறும் முறையைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட களம் சிறியது: இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’க்குப் பின் வல்லினம் மிகுதல் என்னும் ஒரே ஓர் இலக்கணப் பாடம். இலக்கணத் தாளில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், தாமே எழுதிய மடலில் ‘மழைப் பெய்தது’ என்று எழுதுவதை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. அம்மாணவர் பாடத்தைக் கற்றாரா, தாள் அவரைச் சோதித்ததா என்னும் இரண்டு ஐயங்களில் இரண்டாவதையே முதலில் தீர்த்தாக வேண்டும்.

வகைப்பாடு எதற்காகத் தோன்றியது

புளூமின் வகைப்பாடு இன்று பாடத்திட்டம் எழுதும் கருவியாகவே பலருக்கும் அறிமுகமாகிறது. அதன் பிறப்போ தேர்வாளர்களின் அறையில் நிகழ்ந்தது. 1948இல் பாசுடன் நகரில் அமெரிக்க உளவியல் கழகத்தின் மாநாட்டுக்கு வந்திருந்த கல்லூரித் தேர்வாளர்கள் கூடிப் பேசியதில் இம்முயற்சி தொடங்கியது. வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் தாம் எழுதிய வினாக்களைத் தம்முள் பகிர்ந்துகொள்ள வேண்டுமானால், இந்த வினா எதை அளக்கிறது என்பதைச் சொல்லப் பொதுவான மொழி ஒன்று வேண்டும். அம்மொழியாகவே 1956இல் பெஞ்சமின் புளூம் பதிப்பித்த நூல் வெளிவந்தது. ஆகவே வினா வங்கிக்கு இவ்வகைப்பாட்டைப் பயன்படுத்துவது அதன் முதல் நோக்கத்துக்கே திரும்புவதாகும்.

அந்நூலில் உள்ள ஓர் எச்சரிக்கை நம் வங்கிகளில் மறக்கப்பட்டுள்ளது. ஒரு வினாவை எந்த நிலையில் வைப்பது என்பதை வினாவின் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. தேர்வெழுதுபவர் முன்னர் என்ன கற்றார் என்பதை அறிந்திருக்க வேண்டும், அல்லது அதைப் பற்றிய ஒரு கருதுகோளாவது வேண்டும். பயன்படுத்துதல் என்னும் நிலைக்கு உரிய சிக்கல் மாணவருக்குப் புதியதாக இருத்தல் வேண்டும். வகுப்பில் விடை காணப்பெற்ற சிக்கலைத் தேர்வில் மீண்டும் கேட்டால், அது எத்துணை நீளமானதாயினும் நினைவுகூர்தலே.

2001இல் ஆண்டர்சனும் க்ராத்வோலும் பதிப்பித்த திருத்தம் நிலைகளின் பெயர்களை வினைப்பெயர்களாக மாற்றியது. நமக்குப் பயன்படும் நுட்பம் ஒன்றும் அதில் உண்டு. பயன்படுத்துதல் அங்கே இரண்டாகப் பிரிகிறது. பழகிய பணியில் பழகிய வழிமுறையைச் செய்துமுடித்தல் ஒன்று. பழகாத பணியில் எந்த வழிமுறை பொருந்தும் எனத் தாமே தெரிந்து கையாளுதல் மற்றொன்று. நம் இலக்கண வினாக்களில் ‘பயன்படுத்துதல்’ எனக் குறிக்கப்படுவன பெரும்பாலும் முதல் வகையைத் தாண்டுவதில்லை.

ஒரு பாடத்தின் மூன்று வினாக்கள்

கீழ்வரும் மூன்று வினாக்கள் ஆசிரியர்கள் இயல்பாக எழுதுவன போன்றவை. அடைப்பில் இருப்பது வழக்கமாக இடப்படும் நிலை.

வினா 1: இரண்டாம் வேற்றுமை உருபு யாது? (நினைவுகூர்தல்)

வினா 2: இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகுதலை எடுத்துக்காட்டுடன் விளக்குக. (புரிந்துகொள்ளுதல்)

வினா 3: கோடிட்ட இடத்தில் உரிய மெய்யெழுத்தை இடுக: பாடத்தை __ படித்தான், மரத்தை __ பார்த்தாள், கதவை __ திறந்தான். (பயன்படுத்துதல்)

முதல் வினாவின் நிலை பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் வினாவின் நிலையை ‘விளக்குக’ என்னும் ஏவல் வினைச்சொல்லே முடிவு செய்திருக்கிறது. பயிற்சிப் பட்டறைகளில் வழங்கப்பெறும் வினைச்சொல் பட்டியலில் ‘விளக்குக’ புரிந்துகொள்ளுதலின் கீழ் இருப்பதால் வினாவும் அங்கே சென்று அமர்ந்துவிட்டது. ஆனால் பாடநூலில் இவ்விதி ஒரு பத்தியாகவும் அதன் அடியில் இரண்டு எடுத்துக்காட்டுகளாகவும் இருக்குமாயின், மாணவர் செய்ய வேண்டியது அப்பத்தியை மனப்பாடமாக எழுதுவதே. விடைத்தாளைப் பார்த்தே இதை அறியலாம். பத்து மாணவர்கள் ஒரே சொற்றொடரையும் ஒரே எடுத்துக்காட்டையும் எழுதியிருப்பின் அது புரிதலுக்குச் சான்றாகாது.

மூன்றாம் வினா இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. ‘பாடத்தைப் படித்தான்’ பாடநூலில் உள்ள தொடராயின் அது நினைவு. மற்றவை புதிய தொடர்களே எனினும் கோடு இடப்பட்ட எல்லா இடங்களிலும் மெய் மிகுகிறது. மிகாத இடம் ஒன்றேனும் இல்லை. ஆதலின் மாணவர் உருபு எது என்று அறியாமலேயே, ‘ஐ’ ஒலி கேட்டால் அடுத்த வல்லெழுத்தை இரட்டிப்பது என்னும் காது வழக்கைக் கொண்டே முழு மதிப்பெண் பெறலாம். ‘மழைப் பெய்தது’ என்று பின்னர் மடலில் எழுதுபவர் இவரே. மழை என்னும் சொல்லின் இறுதியில் உள்ள ஐகாரம் உருபன்று. அது பெயரின் பகுதி. மழை அத்தொடரில் எழுவாய். இவ்வேறுபாட்டைத் தொடாத வினா, விதியைத் தொட்டதாகக் கொள்ள இயலாது.

மாற்றி எழுதிய வினாக்கள்

இரண்டாம் வினாவை இவ்வாறு மாற்றலாம்: ‘பாட்டி சொன்ன கதையைக் கேட்டாள்’, ‘இரவில் கதை கேட்டாள்’. முதல் தொடரில் மெய்யெழுத்து மிகுந்து, இரண்டாவதில் மிகாமைக்குக் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுக.

இவ்விரு தொடர்களும் வகுப்பில் பயின்றவையாக இல்லாதவரை இது புரிந்துகொள்ளுதலைக் கோருகிறது. இரண்டிலும் ‘கதை’ செயப்படுபொருளே. இரண்டிலும் வல்லினத்துக்கு முன் ஐகார ஒலியே நிற்கிறது. வேறுபாடு, ஒன்றில் உருபு வெளிப்பட்டு நிற்பதும் மற்றொன்றில் தொக்கிருப்பதுமே. ‘முதலாவதில் ஐ இருக்கிறது, இரண்டாவதில் இல்லை’ என்று மாணவர் தம் மொழியில் எழுதினாலும் போதும். தொகை என்னும் கலைச்சொல்லை எதிர்பார்த்தால், வினா மீண்டும் நினைவுகூர்தலின் சுமையை ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாம் வினாவுக்குப் பதிலாக ஒரு சிறு பத்தியைத் தரலாம். அதில் மிக வேண்டிய மெய்யெழுத்துகள் நீக்கப்பட்டிருக்கும். எத்தனை இடங்கள் என்று சொல்லக் கூடாது; கோடும் இடக் கூடாது.

‘நேற்று மழை பெய்தது. தம்பி குடையை தேடினான். அக்கா கதவை திறந்தாள். பிறகு இருவரும் தாத்தாவோடு கதை பேசினார்கள். இப்பத்தியில் தேவையான இடங்களில் மட்டும் மெய்யெழுத்தைச் சேர்த்து எழுதுக.’

திருத்த வேண்டியவை இரண்டு: குடையைத் தேடினான், கதவைத் திறந்தாள். தொடாமல் விட வேண்டியவற்றுள் முதன்மையானவை இரண்டு: மழை பெய்தது, கதை பேசினார்கள். நான்கிலும் வல்லெழுத்துக்கு முன் ஐகாரமே நிற்பதால் காது வழக்கு இங்கு உதவாது. எந்த ஐகாரம் உருபு என்பதை மாணவர் தாமே தெரிந்தாக வேண்டும். இதுவே பயன்படுத்துதலின் இரண்டாம் வகை.

இவ்வினாவுக்கு மதிப்பெண் இடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. இடத்துக்கு ஒரு மதிப்பெண் என நான்கு மதிப்பெண் வழங்கினால், ஐகாரம் கண்ட இடமெல்லாம் இரட்டிப்பவர் 2 பெறுவார். எதையும் மாற்றாமல் பத்தியை அப்படியே படியெடுப்பவரும் 2 பெறுவார். ஒருவர் விதியை மிகையாக நீட்டியவர். மற்றவர் விதியையே அறியாதவர். இருவருக்கும் வேறுவேறு கற்பித்தல் தேவை. மதிப்பெண்ணோ இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே நான்கு இடங்களும் சரியாயின் மட்டுமே இந்நிலை எய்தப்பட்டதெனக் கொண்டு, எஞ்சியோருக்கு எவ்வகைப் பிழை என்பதைத் தனியே குறித்துக்கொள்வது தக்கது.

நிலையும் கடினமும் வேறு

உயர்ந்த நிலை என்றால் கடினமான வினா என்னும் சமன்பாட்டை இனி நோக்கலாம். நிலை என்பது மாணவர் மனத்தளவில் செய்ய வேண்டிய செயலின் வகை. கடினம் என்பது குறிப்பிட்ட குழுவில் எத்தனை பேர் சரியாக விடையளித்தனர் என்னும் அளவு. முன்னதை வினாவையும் கற்பித்த பாடத்தையும் ஒப்பிட்டு, தேர்வுக்கு முன்னரே முடிவு செய்யலாம். பின்னதைத் தேர்வுக்குப் பிறகே அறியலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்வோம். 20 மாணவர் உள்ள வகுப்பில் முதல் வினாவுக்கு 9 பேரும் பத்தி வினாவுக்கு 13 பேரும் சரியாக விடையளித்தனர் எனில், முதல் வினாவின் எளிமைக் குறியெண் 9 ÷ 20 = 0.45; பத்தி வினாவினது 13 ÷ 20 = 0.65. நினைவுகூர்தல் வினாவே கடினமாகிறது. புலம்பெயர் சூழலில் இது வியப்புக்குரியதன்று. வீட்டில் தமிழ் பேசியும் கதைநூல்கள் படித்தும் வளரும் பிள்ளை, ‘வேற்றுமை உருபு’ என்னும் சொல்லை மறந்திருக்கலாம். ஆனால் கதவைத் திறப்பதைப் பிழையின்றி எழுதும். அப்பிள்ளையின் தாளில் ‘எளிது’ எனக் குறித்த வினா தவறாகவும் ‘கடினம்’ எனக் குறித்த வினா சரியாகவும் இருப்பதைக் காணும் ஆசிரியர், பிள்ளை பார்த்தெழுதியிருக்குமோ என்று ஐயுறவும் இடமுண்டு. குற்றம் நிரலில் இருக்கப் பழி பிள்ளையின் மேல் விழும்.

இதன் மறுதலையும் உண்மை. ‘தறியை தள்ளினான்’ என்று பத்தியில் ஒரு தொடரைச் சேர்த்தால் வினா கடினமாகலாம். ஆனால் நிலை உயர்வதில்லை. தறி என்பதைப் பார்த்திராத பிள்ளை, சொல்லறியாமையால் தடுமாறுகிறது, புணர்ச்சியறியாமையால் அன்று. இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. அடுத்த முறை அச்சொல்லின் பொருளை வினாவின் அடியில் தந்து பார்க்க வேண்டும். குறியெண் உயர்ந்தால் முன்னிருந்த கடினம் சொல்வளத்தைச் சார்ந்தது எனக் கருதலாம். இலக்கணத்தைச் சோதிக்கும் வினாவில் சொற்கள் யாவும் வகுப்பில் பழகியவையாக இருப்பதே முறை. புதுமை தொடரின் அமைப்பில் இருந்தால் போதும்.

எனவே வங்கியில் இரண்டு நிரல்கள் வேண்டும். நிலை நிரல் வினா எழுதும்போதே நிரப்பப்பட வேண்டும். கடின நிரல் முதல் தேர்வு முடியும்வரை வெறுமையாகவே இருக்க வேண்டும். சிறு வகுப்புகளில் குறியெண்ணை மிகைத் துல்லியமாகப் படிப்பதும் தவறு. 20 பேர் வகுப்பில் ஒரு மாணவரின் விடையே 0.05 அளவு மாற்றத்தை உண்டாக்கும். 0.60, 0.65 ஆகியவற்றிடையே வேறுபாடு காண்பதை விட்டு, பெரும்பாலோர் விடையளித்தது, ஏறத்தாழப் பாதிப்பேர் விடையளித்தது, சிலரே விடையளித்தது என மூன்று பிரிவுகளாகக் கொள்வதே போதுமானது.

நிலையிடும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நடைமுறை பெறப்படுகிறது. வினா எழுதியவரும் வேறோர் ஆசிரியரும் தனித்தனியே நிலையிட வேண்டும். ஏவல் வினைச்சொல்லை மறந்துவிட்டு இருவரும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். இவ்விடை பாடநூலிலோ குறிப்பேட்டிலோ வகுப்புப் பயிற்சியிலோ அப்படியே உள்ளதா? உள்ளதாயின் அது நினைவுகூர்தல். மேலே செல்ல வேண்டியதில்லை. இல்லையாயின், மாணவர் கருத்தைத் தம் சொல்லில் கூறவோ வகைப்படுத்தவோ ஒப்பிடவோ மட்டும் வேண்டியுள்ளதா? ஆயின் அது புரிந்துகொள்ளுதல். ஒரு வழிமுறையைக் கையாண்டு புதிய ஒன்றை முடிக்க வேண்டியுள்ளதா? ஆயின் அது பயன்படுத்துதல். எந்த வழிமுறை என்பதை வினாவே சொல்லிவிட்டதா, மாணவர் தெரிய வேண்டுமா என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.

நிலையின் பெயரோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவைப்பது இன்றியமையாதது. ‘இத்தொடர்கள் பாடநூலில் இல்லை, மிகாத இடம் இரண்டு உள்ளன’ என்பது போன்ற வரி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் ஆசிரியருக்கு வெறும் ‘பயன்படுத்துதல்’ என்னும் சொல்லைவிட மிகுதியாகப் பயன்படும். இருவர் இட்ட நிலைகள் மாறுபட்டால் சராசரி காண முயலாமல், எந்தக் கேள்வியில் பிரிந்தனர் என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் பிரிந்திருந்தால், ஒருவருடைய வகுப்பில் அப்பயிற்சி நடந்திருக்கும், மற்றவருடைய வகுப்பில் நடந்திராது. அப்போது ஒரே வினா இரு வகுப்புகளுக்கு இரு நிலையினது என்று ஏற்பதே நேர்மை.

வினாவின் நிலை காலப்போக்கில் இறங்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. மழையும் குடையும் வரும் பத்தி ஒருமுறை தேர்வில் வந்து, விடையும் வகுப்பில் பேசப்பட்டுவிட்டால், அடுத்த ஆண்டு பழைய தாள்களைப் புரட்டிப் படிக்கும் மாணவருக்கு அது நினைவுகூர்தலாகிவிடும். ஆதலின் பயன்படுத்துதல் வினா ஒவ்வொன்றுக்கும் அதே அமைப்பில், வேறு தொடர்களில் இரண்டு மூன்று இணைவினாக்களை எழுதி வைக்க வேண்டும். பயன்படுத்திய நாளையும் குறிக்க வேண்டும். நினைவுகூர்தல் வினாக்களுக்கு இத்தேவை இல்லை. வங்கியின் உழைப்பில் பெரும்பங்கு மேல்நிலையில் செலவாவது இதனாலேயே.

வங்கி எல்லா நிலைகளையும் தழுவியுள்ளதா என்பதை வினாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளத்தல் பிறிதொரு பிழை. 20 மதிப்பெண் தாளில் நினைவுகூர்தலுக்கு 6, புரிந்துகொள்ளுதலுக்கு 8, பயன்படுத்துதலுக்கு 6 மதிப்பெண் எனத் திட்டமிட்டிருக்கலாம். மேலே திருத்துவதற்கு முன்னிருந்த வகையிலான வினாக்களால் அத்தாள் நிரம்பியிருந்தால், மறுநிலையிட்ட பின் 6, 8, 6 என்பது 14, 0, 6 ஆகிவிடும். எஞ்சிய அந்த 6 மதிப்பெண்ணும் காதால் பெறத்தக்கதே. திட்ட வரைவு தாளில் நிறைவாகத் தோன்றும். மாணவர் மனத்தில் அது நிகழ்ந்திராது.

முறையின் எல்லைகள்

புளூமின் படிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கண்டிப்பான ஏணி எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே நிலைகள் ஒன்றையொன்று ஓரளவு தழுவிச் செல்லலாம் என ஒப்புகிறது. விதியைச் சொல்லத் தெரியாத பிள்ளை பிழையின்றி எழுதுவதை மேலே கண்டோம். தாய்மொழியாகவோ அதன் நிழலாகவோ தமிழைப் பெற்ற பிள்ளைகளிடம் இது இயல்பு. மொழிப்பாடத்தில் ‘கீழ்நிலையைக் கடந்த பின்னரே மேல்நிலை வினா’ என்று கட்டுப்பாடு விதித்தால், எழுதத் தெரிந்தவரைக் கலைச்சொல் தெரியாமைக்காகத் தடுத்து நிறுத்துவதாகும்.

புரிந்துகொள்ளுதலுக்கும் பயன்படுத்துதலுக்கும் இடையிலுள்ள எல்லையிலும் ஆசிரியர்கள் அடிக்கடி பிரிவர். முழு இசைவு எய்தாவிடின் ‘கண்டது’, ‘காணாதது’ என்னும் இரு பிரிவோடு நிறுத்திக்கொள்வதும் ஏற்கத்தக்கதே. அவ்விரு பிரிவு நேர்மையாக இடப்பட்டால், ஆறு நிலைப் பெயர்களைப் பட்டியல் பார்த்து இடுவதைவிட வங்கி பற்றி மிகுதியாகச் சொல்லும். பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் ஆகியவற்றையும் இப்பாடத்தில் இருப்பதாகக் காட்ட முனைவது தேவையற்றது. ‘ஐ’ உருபுப் பாடத்தின் இலக்கு, பிள்ளை தன் எழுத்தில் அதைச் சரியாகக் கையாளுவதே. அவ்விலக்கு பயன்படுத்துதலோடு நிறைவுறுகிறது.

முடிவுரை

வினாவின் நிலையை ஏவல் வினைச்சொல் தருவதில்லை. கற்பித்ததற்கும் கேட்பதற்கும் இடையிலுள்ள தொலைவே தருகிறது. கடினத்தை ஆசிரியரின் கணிப்பு தருவதில்லை, விடைத்தாள்களே தருகின்றன. இவ்விரண்டையும் ஒரே நிரலில் கலந்த வங்கி, மனப்பாடத்தைப் பயன்பாடாகவும் சொல்வறுமையை அறிவுக்குறைவாகவும் காட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமே தமிழ் கற்கும் பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றுவதும் நிறுத்துவதும் இத்தாள்களைக் கொண்டே முடிவாகின்றன. தம் வங்கியில் ‘பயன்படுத்துதல்’ எனக் குறித்த வினாக்களுள் பத்தை எடுத்து, அவற்றில் மெய் மிகாத இடம் ஒன்றேனும் உள்ளதா என்று பார்ப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதிலிருந்து தொடங்குமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.